டயரில் ஏன் இத்தனை பள்ளங்கள்?

நல்ல மழை பெய்து ஓய்ந்த நெடுஞ்சாலை. ஒரு கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சாலையின் தாழ்வான பகுதியில் விரற்கடை ஆழம்கூட இல்லாமல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கார் அதன் மேல் ஏறியதும் ஓட்டுநரின் கையிலுள்ள ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடுகிறது. திருப்பினால் கார் திரும்பவில்லை; பிரேக்கை மிதித்தால் வேகம் குறையவில்லை. ஓரிரு வினாடிகள் அந்த வண்டி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. அது சாலையில் ஓடவில்லை; தண்ணீரின் மேல் சறுக்கிச் செல்கிறது.

ஆங்கிலேயர் இதை அக்வாபிளேனிங் என்றும் அமெரிக்கர் ஹைட்ரோபிளேனிங் என்றும் சொல்லுகிறார்கள். நாம் நீர்ச்சறுக்கல் என்று வைத்துக்கொள்வோம். காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்து எழுபது ஆண்டுகள் சென்ற பிறகே இதன் உண்மையான காரணம் விளங்கியது. அதுவரை டயரில் பள்ளங்களை வெட்டியவர்களுக்கே அந்தப் பள்ளம் என்ன வேலை செய்கிறது என்பது முழுமையாகத் தெரியாது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்தக் கதையைப் பார்ப்போம்.

சேற்றுக்காக வெட்டிய பள்ளம்

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துக்காரரான தாம்சன் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப் போயிற்று. 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து டயர்கள் எல்லாம் வழவழப்பானவை. இன்று நாம் மொட்டை டயர் என்று ஒதுக்கும் டயரைப் போலத்தான் புது டயரே இருந்தது.

மோட்டார் வண்டிகள் பெருகியபோது மண் சாலைகளில் அவை வழுக்கின. டயரின் மேல் ஆணி பதித்த தோல் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். 1904-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் மேற்பட்டையில் கோலம் பதித்த மோட்டார் டயரை வெளியிட்டது. 1908-இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பெயரையும் 'வழுக்காதது' என்னும் சொற்களையும் பெரிய ஆங்கில எழுத்துகளாக மேற்பட்டையிலேயே சாய்வாக வார்த்தது. எழுத்துகளின் விளிம்புகள் சேற்றைப் பற்றிக்கொள்ளும், விளம்பரமும் ஆயிற்று!

ஆனால் பள்ளம் வெட்டினால் போதாது. அது நிலைத்திருக்கவும் வேண்டும். முற்காலத்து ரப்பர் விரைவாகத் தேய்ந்தது. 1904-இல் லண்டனை அடுத்த சில்வர்டவுனில், ரப்பரோடு கரித்தூளைக் கலந்தால் அதன் உறுதியும் தேய்வைத் தாங்கும் ஆற்றலும் பலமடங்கு கூடுவதைக் கண்டார்கள். டயர் கருப்பானது இதனால்தான். கரித்தூள் வந்த பிறகே மேற்பட்டையின் கோலம் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தாங்கியது.

தார்ச் சாலையும் கான்கிரீட் சாலையும் வந்த பிறகு சேறு குறைந்தது. பள்ளங்கள் மட்டும் தொடர்ந்தன. ஈரச் சாலையில் பள்ளமுள்ள டயர் நன்றாகப் பற்றுகிறது என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. உலர்ந்த சாலையில் பள்ளத்துக்கு வேலையே இல்லை. பந்தயக் கார்கள் வெயிலில் இன்றும் வழவழப்பான டயரோடுதானே ஓடுகின்றன!

நின்றுபோன சக்கரம்

விடை விமானத்துறையிலிருந்து வந்தது. 1950-களில் ஜெட் விமானங்கள் பெருகின. அவை தரையிறங்கும் வேகம் அதிகம். ஈரமான ஓடுபாதையில் பிரேக் பிடிக்காமல் விமானங்கள் பாதையின் எல்லையைத் தாண்டி ஓடின.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஹாரின் என்பவர் ஒரு சிறிய சோதனை செய்தார். ஓடும் பட்டையொன்றின் மேல் சிறு காற்றடைத்த டயரை அழுத்தி வைத்தார். பட்டை ஓட, அதோடு சக்கரமும் சுழன்றது. பிறகு பட்டையின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினார். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் சக்கரத்தின் சுழற்சி மெல்லக் குறைந்து, கடைசியில் நின்றேவிட்டது. பிரேக் எதுவும் போடவில்லை. கீழே பட்டை விரைந்து ஓடிக்கொண்டிருக்க, மேலே சக்கரம் அசையாமல் நின்றது! இந்த ஆய்வு 1958-இல் வெளியாயிற்று.

சக்கரம் ஏன் நிற்க வேண்டும்? டயரின் முன்பகுதியும் சாலையும் சேர்ந்து ஓர் ஆப்பு போன்ற இடைவெளியை உண்டாக்குகின்றன. அதில் தண்ணீர் நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட நீர் டயரை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த விசை அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னால் செயற்படுகிறது. ஆகவே அது சக்கரத்தை எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கிறது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுவதோ சாலையின் உராய்வு. டயர் நீரின் மேல் எழும்பிவிட்டால் உராய்வு மறைந்துபோகிறது. எதிர்த்திசைத் திருப்பம் மட்டும் எஞ்சுகிறது. சக்கரம் நிற்கிறது.

வர்க்கமூல விதி

அதே லாங்லியில் வால்டர் ஹார்ன் என்ற பொறியியலாளர் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார். உண்மையான விமான டயர்களைப் பாரமேற்றிய வண்டியில் பொருத்தி, தண்ணீர் தேக்கிய பாதையில் விரைவாக ஓடவிட்டார். பாதையின் நடுவே கண்ணாடி பதித்து, சாயம் கலந்த நீரின் மேல் டயர் கடப்பதைக் கீழிருந்து படம் பிடித்தார்கள். வேகம் குறைவாக இருக்கையில் டயர் சாலையைத் தொடும் இடம் முழுவதும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. வேகம் கூடக் கூட முன்புறமிருந்து நீர் உள்ளே புகுந்து, தொடும் பரப்பைத் தின்றுகொண்டே பின்னோக்கிச் சென்றது. ஒரு வேகத்தில் தொடும் பரப்பு அறவே இல்லாமற் போயிற்று.

அந்த வேகம் எதைப் பொறுத்தது? 1963-இல் ஹார்னும் ட்ரெஹரும் வெளியிட்ட அறிக்கையில் எளிய விடை இருந்தது. கல்லூரி மாணவர் எவரும் அதைப் பின்பற்றலாம். v வேகத்தில் வரும் நீர் ஒரு தடையில் மோதி நின்றால் அங்கே உண்டாகும் அழுத்தம்

p = ½ρv²

என்று படித்திருக்கிறோம். ρ என்பது நீரின் அடர்த்தி. டயருக்கு உள்ளே காற்றின் அழுத்தம் இருக்கிறது. டயர் சாலையை ஏறத்தாழ அதே அழுத்தத்தோடு மிதிக்கிறது. வெளியே மோதும் நீரின் அழுத்தம் அதற்குச் சமமானால், நீர் டயரைத் தூக்கிவிடும்.

கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருக்கிறது என்போம். கணக்கிட்டால் மணிக்கு 73 கிலோமீட்டர் என்று வருகிறது. ஆனால் மோதும் நீர் முழுவதும் நின்றுவிடுவதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. எனவே அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் டயரைத் தூக்கப் பயன்படுகிறது. சோதனைகளோடு ஒப்பிட்டு ஹார்ன் கொடுத்த விதியை நம் அளவைகளில் இப்படி எழுதலாம்:

V = 16.7 √p

V மணிக்குக் கிலோமீட்டரிலும், p சதுர அங்குலத்துக்குப் பவுண்டிலும் அளக்கப்படுகின்றன. 30 பவுண்டு டயருக்கு இது 91 கிலோமீட்டரைத் தருகிறது. காற்றுப் பிடிக்க மறந்து அழுத்தம் 20 பவுண்டாகக் குறைந்திருந்தால் 75 கிலோமீட்டரிலேயே டயர் மிதந்துவிடும். 50 பவுண்டு காற்றுள்ள சைக்கிள் டயருக்கு 118 கிலோமீட்டர் வேண்டும். ஆகவே சைக்கிள்காரர் நீர்ச்சறுக்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 150 பவுண்டு காற்றுள்ள விமான டயருக்கு 205 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் இதைவிட விரைவாகவே தரையைத் தொடுகின்றன. அவை ஏன் ஓடுபாதையைத் தாண்டி ஓடின என்பது இப்போது விளங்கும்.

இந்த விதியில் வண்டியின் எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் டயர் இன்னும் கொஞ்சம் நசுங்கும். தொடும் பரப்பு கூடும். அழுத்தம் அப்படியே இருக்கும். எனவே எடைக்கு இங்கே இடமில்லை என்று ஹார்ன் கருதினார். இந்தக் கருத்துக்குப் பின்னால் ஒரு திருத்தம் வரவிருக்கிறது. அதற்கு முன் நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம்.

பள்ளம் செய்யும் வேலை

மேலே சொன்ன விதி வழவழப்பான டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தைவிடத் தண்ணீரின் ஆழம் அதிகமாக உள்ள இடத்துக்குமே பொருந்தும். தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் பள்ளம் குறுக்கிட்டுக் காப்பாற்றுகிறது. எப்படி?

ஒரு கார் டயரின் அகலம் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 22 மீட்டர். ஒவ்வொரு டயரும் வினாடிக்கு 12 லிட்டர் தண்ணீரை எதிர்கொள்கிறது. ஒரு வாளித் தண்ணீர்! டயர் சாலையைத் தொடும் பகுதியின் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். சாலையிலுள்ள ஒரு புள்ளியின் மேல் டயர் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கே. இந்த நேரத்துக்குள் தண்ணீர் வழிவிட்டாக வேண்டும்.

முதலில் மொட்டை டயரைப் பார்ப்போம். அதன் நடுக்கோட்டின் கீழுள்ள நீர் வெளியேற 9 சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஓட வேண்டும். ஆயிரத்தில் ஏழு பங்கு வினாடியில் 9 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு 13 மீட்டர் வேகம். நிலையாக நிற்கும் நீருக்கு நிலைமம் உண்டு. அதை இவ்வளவு வேகத்துக்கு முடுக்கப் பெரிய அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது டயர். நீர் அதே அழுத்தத்தைத் திருப்பித் தந்து டயரைத் தூக்குகிறது.

இப்போது அதே டயரில் சுற்றிலும் நான்கு நீளப் பள்ளங்கள் வெட்டுவோம். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் ஆழம். இடையே 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஐந்து ரப்பர் வரப்புகள் எஞ்சுகின்றன. வரப்பின் நடுவிலுள்ள நீர் பக்கத்துப் பள்ளத்தை அடைய ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் ஆறில் ஒரு பங்கானது. வேகமும் ஆறில் ஒரு பங்கானது. அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தேவையான அழுத்தம் முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடுகிறது!

பள்ளம் தண்ணீரை வாரி வெளியே வீசும் அகப்பை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வழுக்காமல் உருளும் சக்கரத்தில், சாலையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் சாலையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கிறது. அங்குள்ள பள்ளமும் அப்படியே. ஆகவே பள்ளத்துக்கு நேர் கீழே நின்ற தண்ணீர் நகரவே வேண்டியதில்லை. டயர் கடந்து போகும்வரை பள்ளத்துக்குள் நின்றுவிட்டுப் பிறகு வெளிப்படுகிறது. வரப்பின் கீழுள்ள நீர்தான் ஓர் அடி எடுத்து வைத்துப் பள்ளத்துக்குள் ஒதுங்குகிறது. பாதையில் யானை வரும்போது ஊரின் எல்லைவரை ஓடுவதற்கும், பக்கத்துத் திண்ணையில் ஏறிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. பள்ளம் தண்ணீருக்குத் திண்ணை.

திண்ணையில் இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. டயரின் முன் வரும் நீரின் குறுக்குப் பரப்பு 180 × 3 = 540 சதுர மில்லிமீட்டர். நான்கு பள்ளங்களின் குறுக்குப் பரப்பு 4 × 8 × 8 = 256. ஆகப் பாதித் தண்ணீர் பள்ளங்களில் அடங்கிவிடும். மற்றப் பாதி முன்னாலும் பக்கங்களிலும் சிதறிப் போக வேண்டும். பக்கவாட்டுக்குச் சாய்வாக வெட்டியுள்ள பள்ளங்கள் அதற்கு வழி விடுகின்றன. அதே டயர் தேய்ந்து பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகும்போது பரப்பு 51 தான். பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குக்கூட இடமில்லை. பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மழையைப் பொறுத்தவரை அது மொட்டை டயரே. நம் நாட்டிலும் வேறு பல நாடுகளிலும் கார் டயருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை இந்த 1.6 மில்லிமீட்டர். அதுவரை பாதுகாப்பு என்று பொருளல்ல. அதற்குக் கீழே ஓட்டவே கூடாது என்று பொருள்.

கடைசிப் படலம்

பெருவாரியான தண்ணீர் போன பிறகும் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே மெல்லிய நீர்ப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் டன்லப் தொழிற்சாலையில் கஃப் என்ற பொறியியலாளர் 1950-களின் இறுதியில் இதை அழகாக விளக்கினார். ஈரச் சாலையில் டயர் தொடும் இடத்தை அவர் மூன்று பகுதிகளாகப் பிரித்தார். முன்பகுதியில் டயர் நீரின் மேலேயே நிற்கிறது. இங்கே நீரின் நிலைமத்தை வெல்ல வேண்டும். நடுப்பகுதியில் மெல்லிய படலம் பிதுக்கப்படுகிறது. இங்கே எதிர்ப்பது நீரின் பாகுநிலை. பின்பகுதியில்தான் ரப்பர் சாலையைத் தொடுகிறது. பிரேக் பிடிப்பதும் வண்டி திரும்புவதும் இந்தக் கடைசிப் பகுதியின் தயவில்தான். வேகம் கூடும்போது முதல் இரண்டு பகுதிகளும் நீண்டு மூன்றாவதை விழுங்குகின்றன.

நடுப்பகுதியின் படலத்தைப் பெரிய பள்ளத்தால் வெல்ல முடியாது. அதற்காகத்தான் மேற்பட்டையில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய பிளவுகளை வைக்கிறார்கள். அவற்றின் கூரிய விளிம்புகள் படலத்தைத் துடைத்து அறுக்கின்றன. சாலைக்கும் இதில் பங்குண்டு. தாரில் பதிந்த சல்லியின் முனைகள் சொரசொரப்பாக இருந்தால் அவை படலத்தைக் குத்திக் கிழிக்கும். பல ஆண்டு ஓட்டத்தில் மழுங்கிப்போன சல்லி, புது டயரையும் வழுக்க வைக்கும்.

வழுவழுப்பிலும் பற்றும் ரப்பர்

படலம் முழுவதும் நீங்காவிட்டாலும் டயர் ஓரளவு பற்றுகிறது. இதற்குக் காரணம் ரப்பரின் உள்ளேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேபரும் கிரீன்வுட்டும் 1958-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டியது. ரப்பரின் மேல் ஒரு கடினமான குண்டை உருட்டி, அதற்கு வேண்டிய விசையை அளந்தார்கள். பிறகு நன்றாக வழுவழுப்பூட்டி அதே குண்டை உருளாமல் சறுக்க வைத்தார்கள். இரண்டு விசைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன! மேற்பரப்பின் உராய்வு நீங்கியும் எதிர்ப்பு நீங்கவில்லை.

குண்டு நகரும்போது முன்னால் உள்ள ரப்பரை அமுக்குகிறது. பின்னால் உள்ள ரப்பர் நிமிர்ந்து குண்டை முன்னே தள்ளுகிறது. ஆனால் கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுவதும் திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. இதைத் தயக்கம் என்கிறோம். டயருக்கும் இதுவே. சல்லியின் ஒவ்வொரு முனையும் ரப்பருக்குள் அமுங்கி நகரும்போது ஆற்றல் இழக்கப்படுகிறது. அந்த இழப்பே பிரேக்காகிறது. தயக்கம் மிகுந்த ரப்பரை மேற்பட்டையில் வைத்தால் ஈரச் சாலையில் பற்று கூடும் என்று டேபர், இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கைல்ஸ், பார்பரா சேபி ஆகிய மூவரும் அதே ஆண்டில் எழுதினார்கள். இயற்கை ரப்பருக்குத் தயக்கம் குறைவு. ஸ்டைரீனும் பியூட்டடையீனும் சேர்ந்த செயற்கை ரப்பருக்கு அது கூடுதல். கார் டயர்களின் மேற்பட்டையில் செயற்கை ரப்பர் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெப்பத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய லாரி டயர்களிலும் விமான டயர்களிலும் இயற்கை ரப்பரே மிகுதி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தயக்கம் மிகுந்த டயர் உருளும்போதும் ஆற்றலை வீணாக்கும். பெட்ரோல் செலவு கூடும். பல ஆண்டுகள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அசைவு அல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை போல் நசுங்கி நிமிர்கிறது. பிரேக் போட்டுச் சறுக்கும்போது சல்லியின் நுண்முனைகள் ரப்பரை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர வைக்கின்றன. மெதுவான அசைவில் தயக்கம் குறைவாகவும், விரைவான அதிர்வில் மிகுதியாகவும் உள்ள ரப்பர் கிடைத்தால்? கரித்தூளில் பெரும்பகுதிக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்த்து, அதை ரப்பரோடு வேதிப் பிணைப்பால் இணைத்தபோது அது கைகூடியது. 1992-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் அத்தகைய டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எவ்வளவு நல்ல ரப்பரானாலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ரப்பர் வேலை செய்வது மூன்றாவது பகுதியில். அந்தப் பகுதியே இல்லாமல் டயர் மிதந்துவிட்டால் ரப்பரின் கலவைக்கு அங்கே வேலையில்லை.

சாலையிலும் பள்ளம்

விமான டயரின் வேகத்துக்கு அதன் பள்ளம் மட்டும் போதவில்லை. அப்படியானால் பள்ளத்தைத் தரையில் வெட்டினால் என்ன? தண்ணீருக்குத் திண்ணை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதானே! இங்கிலாந்தில் 1950-களிலேயே இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1967-இல் வாஷிங்டன் விமான நிலையத்தின் ஓடுபாதையில் குறுக்காகப் பள்ளங்கள் அறுக்கப்பட்டன. மறு ஆண்டு வாலப்ஸ் தீவில் பள்ளமுள்ள பகுதியும் இல்லாத பகுதியும் அடுத்தடுத்து அமைந்த ஓடுபாதையில் விமானங்களை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளமுள்ள பகுதி தெளிவாக வென்றது. இன்று வழக்கத்திலுள்ள அளவு 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம், 38 மில்லிமீட்டருக்கு ஒன்று. விமானப் பயணத்தில் இந்தப் பள்ளங்களை யாரும் கவனிப்பதில்லை.

காலி லாரியின் புதிர்

இனி, முன்பு சொன்ன திருத்தத்துக்கு வருவோம். லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று இருக்கும். ஹார்னின் விதிப்படி அது மிதக்க மணிக்கு 167 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எந்த லாரியும் அந்த வேகத்தில் போவதில்லை. ஆகவே லாரிக்கு நீர்ச்சறுக்கல் கிடையாது என்று நம்பினார்கள்.

ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மழை நாளில் நீண்ட டிரெய்லர் லாரிகள் இடையில் மடிந்து குறுக்கே நின்றன. அவை பெரும்பாலும் காலியாகவோ சிறு பாரத்தோடோ போனவை. பாரம் ஏற்றிய லாரிக்கு நேராதது காலி லாரிக்கு ஏன் நேர்கிறது? எடைக்கு இடமில்லை என்ற விதி இங்கே உதைத்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1980-களின் நடுவில், ஹார்ன் தாமே தம் விதியைத் திருத்தினார். எடை குறைந்தால் தொடும் பரப்பு குறையும் என்பது சரி. ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறைவதில்லை. லாரி டயரில் அகலம் அநேகமாக அப்படியே இருக்க, நீளம் மட்டும் சுருங்குகிறது. அகலமாகவும் குட்டையாகவும் உள்ள தடத்தில் தண்ணீர் ஓட வேண்டிய பக்கத் தூரம் குறையவில்லை. அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைந்துவிட்டது. நேரமும் தூரமுமே இந்தக் கணக்கின் உயிர் என்று பார்த்தோம் அல்லவா? திருத்திய விதி இது:

V = 12.8 √(p/k)

k என்பது தடத்தின் அகலத்தை நீளத்தால் வகுத்த எண். பாரம் ஏற்றிய லாரி டயருக்கு k 0.9 என்று கொண்டால் 135 கிலோமீட்டர் வருகிறது. அதே டயர் காலி லாரியில் k 1.4 ஆனால் 108 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் லாரிகள் தொடக்கூடிய வேகம் இது. புதிர் அவிழ்ந்தது. தடம் அகன்ற கார் டயர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மழையில் வண்டி ஓட்டுபவர் இதை எப்படி அறிவது? ஸ்டியரிங் காரணமில்லாமல் லேசாகும். எஞ்சின் ஓட்டும் சக்கரங்கள் பிடிப்பிழப்பதால் எஞ்சினின் ஒலி திடீரென்று உயரும். அப்போது பிரேக்கை மிதிப்பதால் பயனில்லை. சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் பிடிப்பு திரும்புவதும் தாமதமாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் திரும்பிய நிலையில் பிடிப்பு சட்டென்று திரும்பினால் வண்டி அந்தப் பக்கமே பாய்ந்துவிடும். நீரின் எதிர்ப்பே வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்ததும் டயர் மீண்டும் சாலையைத் தொடும்.

அடுத்த முறை ஒரு காரின் அருகில் நிற்கும்போது அதன் டயரின் நீளப் பள்ளத்துக்குள் உற்றுப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் குறுக்கே இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பட்டை தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், அந்த டயரில் தண்ணீர் ஒதுங்கத் திண்ணை இல்லை.